ஜன்னல் கம்பி ஏன் வளைந்தது?

"ஐயா, என் தங்கைக்கு 19 வயது, காலேஜ் படிக்கிறாள். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் 60 நாளில் இடுப்பு குறைந்ததாகச் சொல்லி 'முன்', 'பின்' என்று இரண்டு படம் போட்டிருக்கிறார். அதே பவுடரையும் டயட் பிளானையும் வாங்க 14,500 ரூபாய் வேண்டும் என்று தங்கை அடம்பிடிக்கிறாள். எடிட் செய்த படமாக இருக்கும் என்றால், 'உனக்குப் பொறாமை' என்கிறாள். இரண்டு படத்தையும் அனுப்பியிருக்கிறேன். எடிட் என்றால், எதைக் காட்டி அவளுக்குப் புரியவைப்பது?"

– ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

'பின்' படம் எடிட் செய்ததுதான். இடுப்பை இரண்டு பக்கமும் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். முகத்தில் ஃபில்டர் ஓடியிருக்கிறது. காலில் கைவைத்த மாதிரி தெரியவில்லை. 'முன்' படத்தில் எடிட் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இந்தத் தில்லுமுல்லு எனக்கு எப்படித் தெரியும் என்றால், இருபது வருடத்துக்கு மேலாக நானும் இதைச் செய்து சம்பாதித்தவன். கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோவில் 'கொஞ்சம் ஒல்லியாக்கி விடுங்க' என்று கேட்காத வீடு அபூர்வம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மணப்பெண்ணின் இடுப்பை ஆசை ஆசையாகக் குறைத்துக் கொடுத்தேன். பெண் வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி. தாய்மாமா மட்டும் ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கொத்தனார் மேஸ்திரி. "ஏன் தம்பி, புள்ளையோட தொப்பையத் தூக்கி மண்டபத்துத் தூணுக்கு வச்சிட்டியா?" என்றார். பார்த்தால், பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற தூண் சரியாக அவள் இடுப்பு உயரத்தில் புடைத்துக்கொண்டு நின்றது. செலவு என் தலையில். அந்தப் பக்கத்தைத் திரும்பப் பிரிண்ட் போட்டேன். அன்றிலிருந்து ஒரு படம் கைக்கு வந்தால் நான் ஆளைப் பார்ப்பதில்லை, தூணைத்தான் பார்க்கிறேன்.

தூண் ஏன் வளைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஃபோட்டோஷாப்பில் 2000-ஆம் ஆண்டு 'லிக்விஃபை' என்று ஒரு வசதி வந்தது. போனில் இருக்கும் 'பாடி எடிட்' ஆப்களில் பெரும்பாலானவை செய்வதும் அடிப்படையில் அதையேதான். தோசைக் கல்லில் மாவை கரண்டியின் அடிப்பக்கத்தால் இழுப்பது மாதிரி, ஒரு வட்டமான பிரஷ்ஷால் படத்தை இழுக்கிறோம். பிரஷ்ஷுக்கு எது உடம்பு, எது சுவர் என்று தெரியாது. இடுப்பு ஓரத்தை உள்ளே தள்ளினால், அதை ஒட்டியிருக்கும் சுவரும் சேர்ந்து உள்ளே வரும். இடுப்புக்கு மிக அருகில் இருப்பது அதிகமாக வரும், தள்ளியிருப்பது கொஞ்சமாக வரும், பிரஷ் எட்டாத இடம் அப்படியே நிற்கும். அதனால் இடுப்பைக் குறைத்தால் பக்கத்துக் கோடுகள் உடம்பை நோக்கி வளையும். எதையாவது பெரிதாக்கினால் உடம்பைவிட்டு வெளியே வளையும். வளைவின் திசையைப் பார்த்தே என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

இனி உங்கள் படத்துக்கு வருவோம். அந்தப் பெண் நிற்கும் இடத்தில் அவருக்கு வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம், ஒரு ஸ்டீல் பீரோ இருக்கிறது. இன்னொரு பக்கம் ஜன்னல், அதில் நெட்டுக்குத்தாக நாலு கம்பி. நம் அதிர்ஷ்டம். வெறும் சுவரையோ வானத்தையோ பின்னால் வைத்து எடுத்திருந்தால் இவ்வளவு சுலபமாகப் பிடிபட்டிருக்காது.

முதலில் போனைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள் (ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டு). நேராகப் பார்க்கும்போது கண் முகத்துக்கும் இடுப்புக்கும்தான் ஓடும். தலைகீழாக்கினால் ஆள் மறைந்து கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். பழைய டச்சிங் ஆர்ட்டிஸ்டுகள் நெகட்டிவைத் திருப்பிவைத்துப் பார்ப்பார்கள், அதே பழக்கம்தான். பிறகு ஒரு விசிட்டிங் கார்டின் ஓரத்தை, திரையில் இடுப்புக்கு மிக அருகில் இருக்கும் கம்பியோடு ஒட்டிவையுங்கள். தோள்பட்டை உயரத்தில் கம்பி கார்டோடு ஒட்டிப்போகும். இடுப்பு வந்ததும் கார்டைவிட்டு விலகி உடம்புப் பக்கம் சாயும். இடுப்பைத் தாண்டியதும் மறுபடி கார்டோடு வந்து சேர்ந்துகொள்ளும். அடுத்த கம்பியில் இதே வளைவு பாதியளவு இருக்கும். மூன்றாவதில் தேடித்தான் பார்க்கவேண்டும், நாலாவது நேர். கம்பிகளுக்கு இடையில் உள்ள இடைவெளியையும் பாருங்கள். உடம்பை ஒட்டிய இடைவெளி இடுப்பு உயரத்தில் மட்டும் அகன்றிருக்கிறது. ரப்பரை இழுத்தால் எந்த இடம் அதிகம் நீளும் என்பது மாதிரி, பின்னணி அங்கேதான் இழுபட்டிருக்கிறது.

இடப்பக்கம்தான் எனக்கு இன்னும் பிடித்தது. இடுப்பில் கைவைத்து நிற்கிறார் அல்லவா? கைக்கும் இடுப்புக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு சந்து தெரிகிறது. எடிட் செய்பவர்கள் கோட்டைவிடும் இடம் அதுதான். சந்து சின்னது, பிரஷ் பெரியது. இடுப்பைத் தள்ளும்போது சந்தும் இழுபடும், கையும் இழுபடும். பீரோவின் ஓரம் அவர் தோளுக்கு மேலே தெரிகிறது, அந்தச் சந்துக்குள் தெரிகிறது, இடுப்புக்குக் கீழேயும் தெரிகிறது. மேலே தெரியும் ஓரத்தையும் கீழே தெரியும் ஓரத்தையும் கார்டால் இணைத்துப் பாருங்கள். சந்துக்குள் இருக்கும் துண்டு மட்டும் அந்தக் கோட்டில் இல்லை, இடுப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது. உண்மையான பீரோவாக இருந்தால் இடுப்பளவில் மட்டும் அதன் ஓரம் நெளியாது.

கூடவே அந்தக் கையின் முன்கையைப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே உட்பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கிறது. தொங்கவிட்ட இன்னொரு கை அந்த இடத்தில் சரிவாக மெலிகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு கையும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது என்பது உண்மைதான். மடக்கிய கை நீட்டிய கையைவிடக் கொஞ்சம் தடித்தும் தெரியும். ஆனால் இங்கே தடிப்பு இடுப்பைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்கிறது, அதனால் சந்தேகம் வலுக்கிறது. துணியும் ஒரு சாட்சி. குர்த்தியில் பூப்போட்ட பிரிண்ட் நெஞ்சுப் பகுதியில் வட்டமாக இருக்கிறது, இடுப்பின் ஓரத்துக்கு வரும்போது பூக்கள் நெருக்கியடித்து ஒடுங்கிவிட்டன. உடம்பின் வளைவில் திரும்பும் பூவும் ஒடுங்கித்தான் தெரியும். ஆனால் அப்படியென்றால் நெஞ்சின் ஓரத்திலும் தொடையின் ஓரத்திலும் அதே அளவு ஒடுங்கவேண்டும். இங்கே இடுப்பில் மட்டும்தான்.

இதையெல்லாம் தங்கையிடம் காட்டினால் அவர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு: "கேமராவே கோட்டை வளைக்குமே?" வளைக்கும். போனில் 0.5 என்று இருக்கும் வைடு லென்ஸில் எடுத்தால் படத்தின் ஓரத்தில் உள்ள நேர்கோடுகள் வில் மாதிரி வளையலாம், ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகத் தெரிவார்கள். குரூப் போட்டோவில் கடைசியில் நிற்கும் சித்தி எப்போதும் குண்டாகத் தெரிவது அதனால்தான், பாவம். ஆனால் லென்ஸ் வளைவுக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே வளைவாகப் போகும், படத்தின் நடுவை நெருங்க நெருங்க நேராகும், இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்தது மாதிரி இருக்கும். எடிட் வளைவு அப்படியில்லை. நேராக வந்து, உடம்புக்குப் பக்கத்தில் மட்டும் நெளிந்து, மறுபடி நேராகும். உங்கள் படத்தில் உடம்பை ஒட்டிய கம்பி நன்றாக வளைந்து, படத்தின் ஓரத்தில் உள்ள நாலாவது கம்பி நேராக நிற்கிறது. லென்ஸ் செய்திருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்கவேண்டும்?

ஜவுளியை நம்பி மட்டும் முடிவுக்கு வரவேண்டாம். திரைச்சீலை, புடவை முந்தானை, பாய், கொடியில் காயும் துணி எல்லாம் தானாகவே நெளிபவை. டைல்ஸ், கதவு நிலை, கம்பி, பீரோ மாதிரி வளையவே கூடாத பொருள்தான் சாட்சிக்கு உதவும்.

முகத்துக்கு வருகிறேன். ஃபில்டர் என்ன செய்கிறது என்றால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையில் உள்ள சின்ன நிற வித்தியாசங்களைச் சராசரியாக்கி அழிக்கிறது. பெரிய வித்தியாசங்களை விட்டுவிடுகிறது. அதனால் தோலின் துளை, பூனைமுடி, லேசான பரு அடையாளம் எல்லாம் போய்விடும். கண், புருவம், உதட்டு ஓரம், பொட்டு எல்லாம் கூர்மையாகவே நிற்கும். இந்தக் கூட்டணிதான் அடையாளம். 'பின்' படத்தில் கண்ணிமை முடியைக் கிட்டத்தட்ட எண்ணிவிடலாம், அதற்கு ஒரு விரற்கடை கீழே கன்னம் மெழுகு மாதிரி இருக்கிறது. ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு இடத்தில் ஒன்று துல்லியமாகவும் ஒன்று இவ்வளவு வழவழப்பாகவும் சாதாரணமாகக் கேமராவில் விழாது. நெற்றியோரம் முடி தொடங்கும் இடத்தில் குட்டி முடிகள் தோலோடு கரைந்துபோயிருக்கின்றன. மூக்கின் பக்கத்தில் விழவேண்டிய நிழலும் பாதி காணோம். அப்படியே தாடையைத் தாண்டிக் கீழே வாருங்கள். கழுத்தில் இரண்டு மடிப்புக் கோடு தெளிவாக இருக்கிறது, இடுப்பில் வைத்த கையில் விரல் மூட்டுச் சுருக்கமும் இருக்கிறது. முகத்துக்கு ஒரு வயது, கைக்கு ஒரு வயது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. வழவழப்பை மட்டும் வைத்து யாரையும் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். பல போன்களில் செல்ஃபி கேமராவின் 'பியூட்டி' வசதி, கேட்காமலேயே ஓடிக்கொண்டிருக்கும், எடுத்தவருக்கே தெரியாது. வெளிச்சம் குறைந்த அறையில் போன் தானாகவே புள்ளிப்புள்ளியான இரைச்சலை அழிக்கும்போது தோலையும் சேர்த்து மழித்துவிடும். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறிய படமும் அப்படித்தான் ஆகும். இவற்றைப் பிரித்தறிய முகத்தோடு சுவரையும் துணியையும் ஒப்பிடவேண்டும். சுவரின் சொரசொரப்பும் குர்த்தியின் நெசவும் சேர்ந்து மழுங்கியிருந்தால் அது கேமராவின் வேலை அல்லது வாட்ஸ்அப்பின் வேலை. அவை தெளிவாக இருந்து முகம் மட்டும் மழுங்கியிருந்தால் ஃபில்டர், போனின் 'பியூட்டி' வசதி, அல்லது பெரிய மேக்கப். உங்கள் படத்தில் சுவரின் பெயிண்ட் திட்டுகூடத் தெரிகிறது. எப்படியானாலும், முகத்து ஃபில்டர் இடுப்பைப் பற்றி எதையும் நிரூபிக்காது. உங்கள் வழக்கில் அது பக்க சாட்சிதான், கம்பிதான் முதல் சாட்சி. முகக் க்ரீம் விற்கும் விளம்பரமாக இருந்திருந்தால் வரிசை மாறியிருக்கும்.

உடம்பின் அளவு விகிதத்தைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவுதான். ஆட்களின் உடல்வாகு அவ்வளவு வேறுபடும். ஆனாலும் எல்லை மீறினால் காட்டிக்கொடுத்துவிடும். 2009-இல் ரால்ஃப் லாரன் என்ற ஆடைக் கம்பெனியின் விளம்பரம் ஒன்றில் ஃபிலிப்பா ஹாமில்டன் என்ற மாடலின் இடுப்பு அவர் தலையைவிடக் குறுகலாக வந்துவிட்டது. ஊரெல்லாம் சிரித்து, கம்பெனி தவறை ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று. பெரியவர்களின் தலை, முன்னாலிருந்து பார்த்தால், காதை விட்டுவிட்டு 14, 15 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். மிக ஒல்லியான பெண்ணின் இடுப்புகூட நேராகப் பார்க்கும்போது அதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும். ஒரு பேப்பர்த் துண்டில் முக அகலத்தைக் குறித்து இடுப்பில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஆள் நேராக நிற்கவேண்டும். உங்கள் படத்தில் அவர் பாதி திரும்பி நிற்கிறார், அதனால் இந்தக் கணக்கை நான் இங்கே எடுக்கவில்லை. நீங்களும் எடுக்காதீர்கள், தங்கை மடக்கிவிடுவார்.

காலை நீளமாக்கும் எடிட் இருக்கிறதா என்றும் பார்த்தேன். அந்த ஆப்கள் பெரும்பாலும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு பட்டையை அப்படியே மேலும் கீழுமாக இழுக்கும். அந்தப் பட்டைக்குள் அகப்பட்ட வட்டமான சாமான் எல்லாம் முட்டையாகிவிடும். தரை டைல்ஸ் தூரம் போகப் போகக் குறுகவேண்டும். இழுத்த படத்தில் பின்வரிசை டைல் முன்வரிசையைவிட உயரமாகத் தெரியலாம். இந்தப் படத்தில் டைல்ஸ் ஒழுங்காகக் குறுகுகிறது. காலருகே ஒரு டேபிள் ஃபேன் முட்டையாகத் தெரிகிறதே என்று முதலில் நினைத்தேன். அது கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். திரும்பிய வட்டம் நெட்டை முட்டையாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். புது ஆப்கள் ஆளைத் தனியாக வெட்டியெடுத்து, ஒல்லியாக்கி, காலியான இடத்தில் பின்னணியைத் தானே வரைந்து நிரப்புகின்றன. அவற்றில் கம்பி வளையாது. அதனால் 'கம்பி நேராக இருக்கிறது, ஆகவே படம் உண்மை' என்று திருப்பிச் சொல்லமுடியாது. அந்த மாதிரிப் படத்தில் உடம்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குச் சுவர் கொஞ்சம் மங்கலாக இருக்கும், கம்பி பாதியில் கரையும், டைல்ஸ் கோடு சேராமல் நிற்கும். சுவரில் விழும் நிழலையும் பீரோக் கண்ணாடியில் தெரியும் உருவத்தையும் பலர் மறந்துவிடுவார்கள். முன்னால் ஒல்லி, கண்ணாடியில் பழைய ஆள். ஒருமுறை எங்கள் ஸ்டூடியோவில் வேலை செய்த பையன் அப்படி ஒரு ரிசப்ஷன் படத்தை அனுப்பிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் போன் செய்யும்வரை கவனிக்கவில்லை.

'முன்' படத்து விஷயம். அதில் எடிட் இல்லை என்றேன். ஆனால் தலைக்கு மேலே டியூப்லைட், வயிற்றைத் தளரவிட்ட நிலை, இறுக்கமான வெளிர்நிற டி-ஷர்ட், கேமரா தாழ்வாக. 'பின்' படத்தில் பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம், பாதி திரும்பிய உடம்பு, அடர்ந்த நிறக் குர்த்தி. எடிட்டே இல்லாமல், 60 நாளும் இல்லாமல், ஒரே நாள் சாயங்காலத்துக்குள் இந்த இரண்டு படத்தையும் என்னால் எடுத்துத் தரமுடியும். அதனால் விற்பவர் இதைவிடச் சுத்தமான படம் ஒன்றை நாளை அனுப்பினாலும், பவுடர் வேலை செய்தது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. பவுடரில் என்ன இருக்கிறது, 19 வயதுப் பெண் அதைச் சாப்பிடலாமா என்பது டாக்டர் சொல்லவேண்டியது. படத்தைப் பார்த்து நான் சொல்வதற்கில்லை. பணம் கட்டுவதைப் பற்றி மட்டும் சொல்வேன்: இந்தப் படத்தைப் பார்த்துக் கட்டவேண்டாம்.

தங்கையிடம் 'பொய், ஏமாற்று' என்று ஆரம்பிக்காதீர்கள். போனையும் ஒரு விசிட்டிங் கார்டையும் அவர் கையில் கொடுத்து, "இந்தக் கம்பி நேராக இருக்கிறதா, பார்த்துச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால், அவரையே விற்பவருக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்: 'பின்' படத்தின் ஒரிஜினல் ஃபைலை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்பமுடியுமா, அதே ஜன்னல் முன்னால் நின்று, கையை இடுப்புக்குக் குறுக்கே கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றி, பத்து விநாடி வீடியோ ஒன்று தரமுடியுமா என்று. வீடியோவிலும் ஃபில்டர் போடலாம்தான். ஆனால் கை இடுப்பைக் கடக்கும்போதும் உடம்பு திரும்பும்போதும் பெரும்பாலும் ஓரங்கள் துள்ளும், கம்பிகள் ஆளோடு சேர்ந்து அசையும். அந்த வீடியோ வந்தால் எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.